28 நாளில் 8 நாள்: பாதி வாரம் அலுவலகம் போவோருக்கான ரயில் சீசன் டிக்கெட்

ரயில் சீசன் டிக்கெட் என்பது தினமும் ஒரே தடத்தில் போய் வருபவருக்காக உருவானது. வாரத்துக்கோ மாதத்துக்கோ ஆண்டுக்கோ மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால், அந்தக் காலம் முடியும்வரை குறிப்பிட்ட இரண்டு நிலையங்களுக்கு இடையே எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். மொத்தமாக வாங்குவதால் கிடைக்கும் தள்ளுபடிதான் இதன் ஈர்ப்பு. ஆனால் அந்தத் தள்ளுபடிக்குப் பின்னால் ஓர் அனுமானம் இருக்கிறது: வாங்குபவர் வாரத்தில் 5 நாளும் வேலைக்குப் போகிறார் என்பதே அது. வாரத்தில் 2 நாளோ 3 நாளோ மட்டும் அலுவலகம் போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்துவதில்லை. போகாத நாட்களுக்கும் அவர் பணம் கட்டுகிறார், அல்லது தள்ளுபடியே இல்லாமல் தினசரி டிக்கெட் வாங்குகிறார்.

இந்த இடைவெளியை நிரப்ப இங்கிலாந்து ரயில்வே 2021 ஜூனில் கொண்டுவந்ததுதான் ‘ஃபிளெக்ஸி சீசன்’. பகுதிநேர வேலையாளுக்கும், வாரத்தில் சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலும் வேலை செய்பவருக்கும் ஏற்ற சீசன் டிக்கெட் எப்படி இருக்கும், அதில் லாபம் எங்கே, நட்டம் எங்கே என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பழைய கணக்கு

ஃபிளெக்ஸி சீசனை மதிப்பிட, முதலில் சாதாரண சீசன் டிக்கெட்டின் விலை எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும். பிரிட்டனில் அதற்கு அடிப்படை 7 நாள் டிக்கெட். மாத டிக்கெட்டின் விலை, வார டிக்கெட்டைப்போல் 3.84 மடங்கு. ஆண்டு டிக்கெட்டின் விலை 40 மடங்கு. அதாவது 40 வார விலைக்கு 52 வாரம் பயணம் செய்யலாம். 12 வாரம் இலவசம் என்றும் இதைச் சொல்லலாம்.

வார டிக்கெட் 120 பவுண்டாக உள்ள ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாக வைத்துக்கொண்ட தொகை இது. மாத டிக்கெட் 460.80 பவுண்ட், ஆண்டு டிக்கெட் 4,800 பவுண்ட். விடுமுறைகளைக் கழித்தால் ஆண்டில் 46 வாரம் வேலை இருக்கும் என்று கொள்வோம். வாரம் 5 நாள் போகிறவருக்கு அது 230 நாள். ஒரு நாளுக்கு 21 பவுண்டுக்கும் சற்றுக் குறைவாகவே ஆகிறது. அதே தடத்தில் காலை நெரிசல் நேரத்தில் போய்வர ஒரு நாள் டிக்கெட் 30 பவுண்ட் என்றால், இவருக்குக் கிடைப்பது நல்ல தள்ளுபடி.

அதே ஆண்டு டிக்கெட்டை வாரம் 2 நாள் மட்டும் போகிறவர் வாங்கினால் அவருடைய பயண நாட்கள் 92. ஒரு நாளுக்கு 52 பவுண்டுக்கு மேல் விழுகிறது. தினமும் கவுண்டரில் 30 பவுண்ட் கொடுத்து வாங்குவதே அவருக்கு மலிவு. ஆனால் அந்த 30 பவுண்டில் தள்ளுபடி எதுவும் இல்லை. நாள்தோறும் போகிறவர் ஒரு நாளுக்கு 21 பவுண்ட் கொடுக்க, குறைவான நாள் வேலை செய்து குறைவாகச் சம்பாதிப்பவர் 30 பவுண்ட் கொடுக்கிறார். பகுதிநேர வேலையில் இருப்பவர்களில் பெண்களே மிகுதி என்பதால், இந்த ஏற்றத்தாழ்வு கட்டண முறையில் உள்ள அநீதி என்று பிரிட்டனில் நெடுங்காலமாகவே பேசப்பட்டு வந்தது.

பேச்சு இருந்தாலும் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. சில ரயில் நிறுவனங்கள் ‘கார்னே’ என்ற பெயரில் டிக்கெட் கட்டுகளை விற்றன. சில டிக்கெட்டுகளைச் சேர்த்து வாங்கினால் விலையில் சிறு சலுகை. நாடு தழுவிய ஏற்பாடு எதுவும் இல்லை. ரயில்வேயின் பார்வையில் அவசரமும் இல்லை. பெருந்தொற்றுக்கு முன் பிரிட்டனின் ரயில் பயணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சீசன் டிக்கெட்டில் நடந்தது. பணம் முன்கூட்டியே வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

2020-இல் கொரோனா வந்ததும் அந்த வருமானம் சரிந்தது. அலுவலகங்கள் மூடின, திறந்தபோது பல நிறுவனங்கள் வாரத்தில் 2 அல்லது 3 நாள் வந்தால் போதும் என்றன. 2021 மே மாதம் வெளியான ‘வில்லியம்ஸ்-ஷாப்ஸ் ரயில் திட்டம்’ என்ற அரசு அறிக்கையில் ஃபிளெக்ஸி சீசன் அறிவிக்கப்பட்டது. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் கிராண்ட் ஷாப்ஸ். ஜூன் 21 அன்று விற்பனை தொடங்கியது. ஜூன் 28 முதல் பயணம் செய்யலாம் என்றானது.

மூன்று வழிகள்

‘வாரத்தில் சில நாள்’ என்பதை ஒரு டிக்கெட்டில் அடக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கிழமைகளை நிலையாகக் குறிப்பது. செவ்வாய், வியாழன் மட்டும் செல்லும் என்று டிக்கெட்டிலேயே எழுதிவிடலாம். பரிசோதகர் பார்த்ததும் புரிந்துகொள்வார். ரயில்வேக்கும் எந்த நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரியும். கூட்டம் குறைந்த கிழமைக்கு விலையைக் குறைத்தும் விற்கலாம். ஆனால் வியாழக்கிழமைக் கூட்டத்தை மேலாளர் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டால் இந்த டிக்கெட் கைகொடுக்காது.

இரண்டாவது வழி, பயணங்களை எண்ணுவது. 10 அல்லது 12 பயணங்களை ஒரு கட்டாக வாங்கி, வேண்டும்போது ஒவ்வொன்றாகப் பயன்படுத்துவது. ஸ்காட்லாந்தின் ‘ஃபிளெக்ஸிபாஸ்’, வேல்ஸின் ‘மல்டிஃபிளெக்ஸ்’ இரண்டும் இந்த வகை. இதில் பயன்படுத்துபவருக்குச் சுதந்திரம் அதிகம். எப்போதாவது பயணம் செய்பவரும் வாங்கலாம் என்பதால், வழக்கமாக வருபவருக்கென்று பெரிய தள்ளுபடி தர ரயில்வே தயங்கும்.

மூன்றாவது வழி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிழமையைக் குறிப்பதில்லை, ஆனால் இத்தனை நாளுக்குள் இத்தனை முறை என்று கெடு வைக்கிறது. ஃபிளெக்ஸி சீசன் தேர்ந்தெடுத்தது இதைத்தான். 28 நாட்களுக்குள் ஏதேனும் 8 நாட்கள். சராசரியாக வாரத்துக்கு 2 நாள் என்று ஆனாலும், ஒரு வாரம் 4 நாளும் அடுத்த வாரம் ஒரு நாளும் இல்லாமலும் போகலாம். எந்தக் கிழமையானாலும் செல்லும். சனி, ஞாயிறும் அதில் அடங்கும்.

அந்தக் காலம் ஒரு காலண்டர் மாதமாக இல்லாமல் 28 நாளாக இருப்பதும் யோசித்துச் செய்ததே. 28 நாள் என்றால் சரியாக 4 வாரம். மாதம் 30-இல் முடிந்தாலும் 31-இல் முடிந்தாலும் கணக்கு மாறாது. தொடங்கும் தேதியை வாங்குபவரே தீர்மானிக்கலாம். இரண்டு வார விடுப்பில் ஊருக்குப் போகிறவர், திரும்பி வந்த பிறகு அடுத்த டிக்கெட்டைத் தொடங்கினால் விடுப்பு நாட்கள் வீணாவதில்லை.

எப்படி இயங்குகிறது

இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்ததில் தொழில்நுட்பத்துக்கும் பங்கு உண்டு. காகித சீசன் டிக்கெட்டில் ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் அச்சிட்டால் போதும். 8 நாளில் 3 நாள் செலவாகிவிட்டன, 5 நாள் மீதி என்பதைக் காகிதம் தானாகச் சொல்லாது. எண்ணிக்கையை எங்காவது எழுதி வைத்தாக வேண்டும். அதனால் ஃபிளெக்ஸி சீசன் காகிதத்தில் கிடைப்பதில்லை. சிப் பொருத்திய ஸ்மார்ட் கார்டிலோ கைபேசிச் செயலியிலோதான் வாங்க முடியும்.

வாங்கியதும் 8 ‘நாள் பாஸ்’கள் கணக்கில் ஏறுகின்றன. ஸ்மார்ட் கார்டு வைத்திருப்பவர் நிலைய வாசலில் உள்ள கருவியில் கார்டை வைத்ததும் அன்றைய பாஸ் தானாகச் செயல்படத் தொடங்கும். எண்ணிக்கையில் ஒன்று குறையும். கைபேசியில் வாங்கியவர் ரயிலில் ஏறுவதற்கு முன் செயலியைத் திறந்து அன்றைய பாஸைத் தாமே செயல்படுத்த வேண்டும். அதன்பின் அந்த நாள் முழுவதும் அந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். காலை நெரிசல் நேரம் என்ற தடை கிடையாது. மதியம் வீட்டுக்கு வந்துவிட்டு மாலையில் மீண்டும் போனாலும் செலவாவது ஒரு பாஸ்தான்.

சிக்கல் பெரும்பாலும் இந்த ‘செயல்படுத்துவது’ என்ற இடத்தில்தான் வருகிறது. கதவுள்ள பெரிய நிலையத்தில் கார்டை வைக்காமல் உள்ளே போகவே முடியாது. சிறிய ஊர் நிலையங்களில் கதவு இருக்காது. நடைமேடை ஓரத்தில் ஒரு கம்பத்தில் கருவி மட்டும் இருக்கும். அவசரத்தில் அதைத் தொடாமல் ரயிலேறிவிட்டால், பையில் 5 பாஸ் மீதி இருந்தாலும் அன்றைக்கு அவரிடம் செல்லத்தக்க டிக்கெட் இல்லை என்றே பொருள். கைபேசியில் பாஸைச் செயல்படுத்த மறந்தவருக்கும், பேட்டரி தீர்ந்து திரை இருண்டுபோனவருக்கும் இதே கதிதான். பரிசோதகர் முன்னால் அவசரமாகச் செயல்படுத்துவதை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்ப முடியாது. ஏற்றுக்கொண்டால், பரிசோதகர் வராத நாளெல்லாம் ஒரு பாஸும் செலவழிக்காமல் பயணம் செய்யலாம் என்றாகிவிடும். டிக்கெட் இல்லாப் பயணத்துக்கு இங்கிலாந்தில் 2023 முதல் அபராதம் 100 பவுண்ட். அதற்கு மேல் பயணக் கட்டணமும் உண்டு. 21 நாளுக்குள் கட்டினால் அபராதம் பாதியாகும்.

பாஸ் வாங்கியவருக்கு மட்டுமே உரியது. கணவன் செவ்வாயும் மனைவி வியாழனும் என்று ஒரே டிக்கெட்டைப் பங்குபோட முடியாது. 28 நாள் முடிந்த பிறகு மீதமிருக்கும் பாஸ்கள் அடுத்த டிக்கெட்டில் சேர்வதும் இல்லை, காலாவதியாகிவிடும். லாப நட்டக் கணக்கில் இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றையும்விடக் கனமானது.

லாபம் எங்கே

முன்பு பார்த்த தடத்துக்கே திரும்புவோம். நெரிசல் நேர ஒரு நாள் டிக்கெட் 30 பவுண்ட், வார சீசன் 120 பவுண்ட், ஆண்டு சீசன் 4,800 பவுண்ட். ஃபிளெக்ஸி சீசனின் தள்ளுபடி எல்லாத் தடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இங்கே ஒரு நாள் டிக்கெட்டைவிட 10 சதவீதம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். நாள் பாஸ் ஒன்றுக்கு 27 பவுண்ட், 8 பாஸ் அடங்கிய டிக்கெட் 216 பவுண்ட்.

வாரம் 2 நாள் போகிறவருக்கு ஆண்டில் 92 நாள் பயணம். தினசரி டிக்கெட்டில் செலவு 2,760 பவுண்ட். ஃபிளெக்ஸி சீசனில் 12 டிக்கெட் தேவை. செலவு 2,592 பவுண்ட். ஆண்டு முழுதுக்கும் மிச்சம் 168 பவுண்ட். 12 டிக்கெட்டில் 96 பாஸ் இருக்கும் என்பதால், மீதி 4 பாஸ் வீண் என்று கொண்டே இந்தக் கணக்கு.

வாரம் 3 நாள் போகிறவருக்கு 138 நாள். அவருடைய 8 பாஸ்கள் மூன்று வாரம் முடிவதற்குள்ளாகவே தீர்ந்துவிடும். தீர்ந்ததும் 28 நாள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த டிக்கெட்டை வாங்கிக்கொள்ளலாம். 17 டிக்கெட்டில் 136 நாள் அடங்கும். மீதி 2 நாளுக்குத் தினசரி டிக்கெட். மொத்தம் 3,732 பவுண்ட். தினசரி டிக்கெட்டே வாங்கியிருந்தால் 4,140, ஆண்டு சீசன் என்றால் 4,800. இவருக்கு ஃபிளெக்ஸி தெளிவான லாபம்.

வாரம் 4 நாள் என்றால் 184 நாள், 23 டிக்கெட், 4,968 பவுண்ட். இப்போது 4,800 பவுண்ட் ஆண்டு சீசன் முந்திவிடுகிறது. இந்தத் தடத்தில் இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 178 நாள். அதற்குக் கீழே ஃபிளெக்ஸி, மேலே ஆண்டு சீசன்.

ஆனால் இந்த எல்லைக்கோடு எல்லாத் தடத்திலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மேலே கண்ட தடத்தில் வார சீசனின் விலை, ஒரு நாள் டிக்கெட்டைப்போல் 4 மடங்கு. வேறொரு தடத்தில் ஒரு நாள் டிக்கெட் அதே 30 பவுண்டாக இருந்து, வார சீசன் 3 மடங்கு, அதாவது 90 பவுண்ட் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு சீசன் 3,600 பவுண்டாகிவிடும். ஃபிளெக்ஸி விலை மாறவில்லை என்றால், வாரம் 3 நாள் போகிறவருக்கு ஃபிளெக்ஸி 3,732 பவுண்ட், ஆண்டு சீசன் 3,600 பவுண்ட். வாரம் 3 நாள் மட்டும் போகிறவருக்கே முழுச் சீசன் டிக்கெட் மலிவாகிவிடுகிறது. போகாத 2 நாளும் இலவசமாகக் கிடைக்கிறது. ஃபிளெக்ஸி சீசன் அறிமுகமானபோது சிலர் பாராட்டியதற்கும் சிலர் கண்துடைப்பு என்று சலித்துக்கொண்டதற்கும் இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். அவரவர் தடத்தில் வார சீசன் விலை ஒரு நாள் டிக்கெட்டைப்போல் எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

நட்டம் எங்கே

10 சதவீதத் தள்ளுபடியில் 8 பாஸின் விலை 216 பவுண்ட் என்று பார்த்தோம். அதே தடத்தில் 7 நாளுக்குத் தினசரி டிக்கெட் வாங்கினால் 210 பவுண்ட். அதாவது 8 பாஸில் ஒன்றே ஒன்று வீணானாலும் லாபம் போய், 6 பவுண்ட் நட்டமாகிறது. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் ரயில் ஊழியர் வேலைநிறுத்தம், குழந்தையின் பள்ளிக்கு ஒரு நாள் விடுமுறை, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் போதும். தள்ளுபடி 25 சதவீதமாக இருக்கும் தடத்தில் நிலைமை வேறு. அங்கே டிக்கெட் 180 பவுண்ட். 6 நாள் பயன்படுத்தினாலே போட்ட பணம் வந்துவிடும், 2 பாஸ் வீணானாலும் கவலையில்லை. ஆக, டிக்கெட் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் எண், ஃபிளெக்ஸி விலையை ஒரு நாள் டிக்கெட் விலையால் வகுத்தால் வருவது. எத்தனை நாள் பயன்படுத்தினால் முதல் திரும்பும் என்பதை அது சொல்லிவிடும்.

வாரம் ஒரு நாள் மட்டும் போகிறவருக்கு இந்த டிக்கெட் பொருந்தாது. 28 நாளில் அவர் 4 பாஸைத்தான் பயன்படுத்துவார். 216 பவுண்டை 4-ஆல் வகுத்தால் நாளுக்கு 54 பவுண்ட். தினசரி டிக்கெட்டைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

தினசரி டிக்கெட்டுக்கே வேறு சலுகை பெறக்கூடியவர்களும் ஃபிளெக்ஸி வாங்குமுன் யோசிக்க வேண்டும். பிரிட்டனில் ‘ரெயில்கார்டு’ என்ற சலுகை அட்டைகள் உண்டு. 26 முதல் 30 வயதுள்ளவர், மூத்த குடிமக்கள் போன்றோர் ஆண்டுக்கு ஒரு தொகை கட்டி அதை வாங்கினால் பல டிக்கெட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 30 பவுண்ட் டிக்கெட் 20 பவுண்டாகும். இந்த அட்டைகளின் சலுகை பொதுவாகச் சீசன் டிக்கெட்டுக்குக் கிடையாது, ஃபிளெக்ஸிக்கும் கிடையாது. சில அட்டைகளுக்குக் காலை நெரிசல் நேரத்தில் குறைந்தபட்சக் கட்டணம், நேரத் தடை போன்ற நிபந்தனைகள் உண்டென்றாலும், அவற்றுக்குள் வருபவருக்கு 27 பவுண்ட் பாஸைவிட அதுவே மலிவு.

அதேபோல், வேலைக்குப் போகும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்க முடிந்தவருக்கு நெரிசல் இல்லா நேர டிக்கெட் இருக்கிறது. பல தடங்களில் காலை ஒன்பதரை மணியையொட்டி அது செல்லத் தொடங்கும். வாரத்தில் ஒரு நாள் 11 மணிக்குக் கூட்டம், மறுநாள் காலை 9 மணிக்கு வேலை என்று கலந்திருப்பவர், முதல் நாளுக்கு நெரிசல் இல்லா நேர டிக்கெட் வாங்கிவிட்டு, விலை உயர்ந்த காலைப் பயணங்களுக்கு மட்டும் ஃபிளெக்ஸி பாஸைப் பயன்படுத்தினால் 8 பாஸும் முழு மதிப்புக்குச் செலவாகும். ஆனால் அப்படிச் செய்தால் 28 நாளுக்குள் 8 பாஸும் தீருமா என்ற கேள்வி மீண்டும் எழும்.

லண்டன் மாநகருக்குள் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே வங்கிக் கார்டையோ கைபேசியையோ வாசலில் தொட்டுப் பயணம் செய்தால், நாளுக்கும் வாரத்துக்கும் உச்சவரம்பு தானாகப் பொருந்தும். திங்கள் முதல் ஞாயிறு வரை அந்த வரம்பை எட்டியபின் மேற்கொண்டு கட்டணம் பிடிப்பதில்லை. 2 நாள் போனால் 2 நாள் கட்டணம். 5 நாள் போனால் வார டிக்கெட்டை ஒட்டிய தொகை. எத்தனை நாள் போவோம் என்று முன்கூட்டியே ஊகிக்கத் தேவையில்லை. பாதி வார ஊழியரின் சிக்கலுக்கு இதைவிட எளிய தீர்வு இல்லை. ஃபிளெக்ஸி சீசனோ ரயில் நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கானது. அதில் லண்டன் பாதாள ரயிலையும் பேருந்தையும் சேர்க்க முடியாமல் போனது, வெளியூரிலிருந்து லண்டன் வந்து அங்கே பாதாள ரயிலுக்கு மாறுபவர்களுக்குப் பெருங்குறையாக இருந்தது. மாநகருக்குள் ஆகும் செலவை அவர்கள் தனியாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

விலையில் தெரியாத வேறுபாடுகள்

ஆண்டு சீசனோடு ஒப்பிடும்போது விலைப்பட்டியலில் தெரியாத சில செய்திகளும் உண்டு. தென்கிழக்கு இங்கிலாந்தில் ஆண்டு சீசன் வாங்குபவருக்கு ‘கோல்டு கார்டு’ கிடைக்கும். அதைக் காட்டி நெரிசல் இல்லா நேரங்களில் குடும்பத்தோடு வேறு ஊர்களுக்குச் செல்லும்போது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி பெறலாம். ஃபிளெக்ஸி சீசனுக்கு அது இல்லை. வார இறுதியில் அடிக்கடி ரயிலில் வெளியே போகும் குடும்பத்துக்கு, ஆண்டு சீசனின் கூடுதல் விலையில் ஒரு பகுதி இப்படித் திரும்பிவிடும்.

மறுபக்கம், ஆண்டு சீசனைப் பாதியில் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் திரும்பாது. பயன்படுத்திய காலத்துக்கு மாத டிக்கெட் வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். 4,800 பவுண்ட் டிக்கெட்டை 6 மாதம் கழித்துத் திருப்பினால், 6 மாத டிக்கெட்டின் விலையான 2,764.80 பவுண்ட் கழிந்து 2,035.20 பவுண்ட் மிஞ்சும். அதிலும் சிறு நிர்வாகக் கட்டணம் போகும். பத்தரை மாதத்தை நெருங்கும்போது திரும்பும் தொகை பூஜ்யமாகிவிடும். வேலை நிலையாக இல்லாதவரும், அலுவலகம் எப்போது வருகை நாளைக் கூட்டும், எப்போது குறைக்கும் என்று தெரியாதவரும் ஆண்டு சீசனில் எடுக்கும் அபாயம் இது. ஃபிளெக்ஸியில் ஒருநேரத்தில் பணயம் வைப்பது 4 வாரத்துக்கு மட்டும். கையிலிருந்து ஒரே தவணையில் 4,800 பவுண்ட் போவதற்கும் 216 பவுண்ட் போவதற்கும் உள்ள வேறுபாடும் சிறியதல்ல.

ரயில் தாமதமானால் கிடைக்கும் இழப்பீட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தாமதத்தின் அளவைப் பொறுத்து, ஒரு பயணத்தின் கட்டணத்தில் குறிப்பிட்ட சதவீதத்தை ரயில் நிறுவனம் திருப்பித் தரும். சீசன் டிக்கெட்டில் ஒரு பயணத்தின் கட்டணம் என்ன என்று எப்படிச் சொல்வது? ஆண்டு சீசனை 464 பயணங்களாக வகுக்கிறார்கள். 4,800 பவுண்டில் ஒரு பயணத்துக்கு 10 பவுண்டுக்குச் சற்று மேல். உண்மையில் 184 பயணம் மட்டுமே செய்யும் வாரம் 2 நாள் ஊழியருக்கும் இதே வகுத்தல்தான். ஃபிளெக்ஸியில் 8 நாள், நாளுக்குப் போக ஒன்று, வர ஒன்று என 16 பயணங்களாக வகுத்தால் ஒன்றுக்கு 13.50 பவுண்ட் வரும். செய்த பயணத்துக்கு நெருக்கமான மதிப்பு இது.

ரயில்வேயின் பக்கம்

வாரம் 5 நாளுக்கு 120 பவுண்ட் என்றால் 2 நாளுக்கு 48 பவுண்ட் என்று விற்றுவிட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. அப்படி விற்க முடியாமல் போவதற்குக் காரணம், ரயில்வேயின் செலவு அப்படிப் பிரிவதில்லை என்பதே. எத்தனை பெட்டி, எத்தனை ஓட்டுநர், எவ்வளவு நீள நடைமேடை என்பதெல்லாம் கூட்டம் உச்சத்தில் இருக்கும் காலை நேரத்தைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுகின்றன. வெள்ளிக்கிழமை பெட்டி பாதி காலியாக ஓடினாலும் அந்தப் பெட்டிக்கும் ஊழியருக்கும் ஆகும் செலவு குறைவதில்லை. 5 நாளும் வருபவர் அந்தக் காலியான வெள்ளிக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். பெருந்தொற்றுக்குப் பிறகு பலரும் செவ்வாய், புதன், வியாழனை அலுவலக நாளாகத் தேர்ந்தெடுத்தார்கள். திங்களும் வெள்ளியும் மெலிந்தன. நடுவாரக் கூட்டத்துக்கான செலவு அப்படியே இருக்க, அதைத் தாங்கும் பயண நாட்கள் குறைந்தன.

எந்த நாளும் செல்லும் என்ற ஃபிளெக்ஸியின் சுதந்திரம் இந்த இடத்தில் ரயில்வேக்கு உதவவில்லை. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஒரு பாஸின் விலை ஒன்றே என்பதால், கூட்டத்தை வெள்ளிக்குத் திருப்ப அதில் தூண்டுதல் எதுவும் இல்லை. கிழமையைக் குறிப்பிட்டு விற்கும் முதல் வழியில் அந்தத் தூண்டுதலைச் சேர்க்கலாம். ஆனால் வேலை நாளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஊழியர் அல்ல, நிறுவனம். திங்கள் டிக்கெட் எவ்வளவு மலிவானாலும் குழு கூடுவது செவ்வாய் என்றால் அவர் செவ்வாய்தான் போவார்.

பெருந்தொற்றுக்குப் பிறகு பிரிட்டனின் ரயில் பயணங்களில் சீசன் டிக்கெட்டின் பங்கு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஃபிளெக்ஸி சீசன் அந்த இறக்கத்தைத் தடுத்துவிடவில்லை. பாதி வாரப் பயணிகளில் பலர் நாளுக்கு நாள் டிக்கெட் வாங்குவதையே விரும்புகிறார்கள். 10 சதவீதம் மிச்சத்துக்காக 4 வாரத் திட்டத்தை முன்கூட்டியே போட அவர்கள் தயாரில்லை. இந்த டிக்கெட் சரியாகப் பொருந்துவது, காலை நெரிசலில் போயே ஆக வேண்டிய, வேறு சலுகை அட்டை இல்லாத, 4 வாரத்தில் 8 நாளாவது போவோம் என்று உறுதியாகத் தெரிந்த, வார சீசன் ஒரு நாள் டிக்கெட்டைவிடப் பல மடங்கு விலையுள்ள தடத்தில் வாழும் பயணிக்கு. இந்த நான்கில் ஒன்று மாறினாலும் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.